நீட்: தடுமாறும் கேள்வியைப் போடுவதா, விடுவதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் அப்பா: மகள் கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போய் நீட்டுக்குப் படிக்கிறாள். பழைய வருடத் தாள்களை வீட்டில் எழுதும்போது ஒவ்வொரு கேள்வி பக்கத்திலும் குறி போடச் சொன்னேன். உறுதி என்றால் டிக், இரண்டு விடைகளுக்குள் தடுமாறினால் வட்டம். திருத்துவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். விடையைப் பார்த்துவிட்டால், "இது எனக்குத் தெரிந்ததுதான்" என்று தோன்றிவிடும்.

வட்டங்களை மட்டும் பாடவாரியாக எண்ணினோம். உயிரியலில் 30க்கு 17 சரி. 68 வந்து 13 போனது, 55 லாபம். இயற்பியலில் 24க்கு 4தான் சரி. 16 வந்து 20 போய்விட்டது. இயற்பியல் வட்டங்களை விட்டுவிடச் சொல்லலாமா?

நெல்லித்தோப்பு அண்ணன்: விடவே கூடாது சார். சரிக்கு 4, தப்புக்கு 1தானே போகிறது. கண்ணை மூடி 20 கேள்வி போட்டாலும் சராசரியாக 5 சரியாகும். 20 வரும், 15 போகும், 5 மிச்சம். தம்பியிடம் எல்லாவற்றையும் போடச் சொல்லியிருக்கிறேன்.

பண்ருட்டிக்காரர்: நான் குரூப் 4 எழுதுகிறேன். அதில் எத்தனை விடலாம்?

லாஸ்பேட்டை டீச்சர்: பண்ருட்டி சார், டிஎன்பிஎஸ்சியில் தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, இந்தக் கணக்கே உங்களுக்கு வேண்டாம்.

நெல்லித்தோப்பு அண்ணன் சொன்னது கண்ணை மூடிப் போடுபவருக்குச் சரி. இந்தப் பெண் யோசித்துப் போடுகிறாள். இயற்பியலில் தப்பு விடைகளைச் சும்மா வைப்பதில்லை. அலகை மாற்ற மறந்தால் என்ன வரும், பாதியாக்க மறந்தால் என்ன வரும் என்று பார்த்து வைத்திருப்பார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர் நேராக அதில் போய் விழுவார். அதனால்தான் நாலில் ஒன்றுகூடத் தேறவில்லை.

ஐந்தில் ஒன்று சரியானால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதற்குக் கீழே இறங்கினால்தான் விட வேண்டும். ஆனால் சார், 24 கேள்வியை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னும் ஒன்றே ஒன்று சரியாகியிருந்தால் 20 வந்து 19 போயிருக்கும், லாபக் கணக்காகியிருக்கும். அந்த 20 தப்பும் எந்தப் பாடத்தில், எதனால் என்று பாருங்கள்.

மஞ்சக்குப்பம் அப்பா: நேற்று உட்கார்ந்து பார்த்தோம் மேடம். நீங்கள் சொன்னதுதான். லென்ஸின் குவியத் தூரம் 20 செ.மீ., திறன் என்ன என்று ஒரு கேள்வி. 5க்கும் 0.05க்கும் தடுமாறி 0.05 போட்டிருக்கிறாள். மீட்டருக்கு மாற்றவில்லை. இப்படி அலகில் போனவை நிறைய. அவற்றை விடச் சொல்வதைவிட, வட்டம் போட்டால் முதலில் அலகைப் பார் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் சில தாள்கள் எழுதட்டும், அப்புறம் எண்ணுகிறேன்.

நெல்லித்தோப்பு அண்ணன்: சரி மேடம், தம்பியையும் வட்டம் போடச் சொல்கிறேன். ஆனால் ஒன்றுமே தெரியாததை விடச் சொல்ல மாட்டேன்.

லாஸ்பேட்டை டீச்சர்: அது உங்கள் விருப்பம் தம்பி. சராசரியில் லாபம்தான். ஒரே ஒரு தேர்வில் எப்படி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.