கலைச்சொல் தேவை: தலைமுறை நகர்வின் இரண்டு வகைகள்

உவர்மலை, சமூகவியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். வெளிவாரிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கான பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மகனின் நிலையைத் தந்தையின் நிலையோடு ஒப்பிடுவது ஒன்று. ஒருவரின் இன்றைய நிலையை அவருடைய முதல் வேலையோடு ஒப்பிடுவது மற்றொன்று. பழைய குறிப்பில் இவற்றுக்குத் 'தலைமுறையிடை அசைவியக்கம்', 'தலைமுறையுள் அசைவியக்கம்' என்று இருக்கிறது. போன தவணை விடைத்தாள்களில் பாதிப் பேர் இரண்டையும் மாற்றி எழுதியிருந்தார்கள். தெளிவான இரண்டு சொற்கள் வேண்டும்.

மூதூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளைகள் குழம்பியதில் வியப்பில்லை. 'இடை', 'உள்' இரண்டும் ஏழாம் வேற்றுமை உருபுகள். கண், கால், கடை, இடை, தலை என்று தொடங்கும் அதே வரிசையில்தான் உள், அகம், வழி எல்லாம் வருகின்றன. இரண்டும் இடப்பொருளைத்தானே சுட்டுகின்றன? அந்த வரிசையில் 'தலை'யும் இருப்பதால், 'தலைமுறை' என்பதன் முதற்பகுதி சிரசா, இடமா, தொடக்கமா என்பதையும் ஆராயலாம். அது தனிக் கடிதமாக வரும். என் பரிந்துரை 'வழிவழிப் பெயர்வு', 'தன்வழிப் பெயர்வு'. இரண்டிலும் கலப்பில்லை, ஓசையும் பொருந்துகிறது.

உவர்மலை, சமூகவியல் ஆசிரியை:

ஐயா, 'வழிவழி' என்றால் மாறாமல் தொடர்ந்து வருவது. நாங்கள் அளப்பது மாறியதை. 'பெயர்வு' என்ற சொல்லும் நம் மாவட்டத்தில் ஆகாது. இங்கே அதைக் கேட்டதும் முகாமும் தறப்பாளும்தான் நினைவுக்கு வரும். என் வகுப்பில் பலர் அந்த முகாம்களில் வளர்ந்தவர்கள்.

நிலாவெளி, ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர்:

என்னையே உதாரணமாக எடுங்கள். அப்பா கரைவலைத் தொழிலாளி. நான் எழுதுவினைஞராகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றேன். மகள் பட்டதாரி ஆசிரியை. என் கதைக்கு ஒரு சொல்லே போதும்: முன்னேற்றம். ஏன் இரண்டு?

கிண்ணியா, புள்ளிவிவரவியல் விரிவுரையாளர்:

சேர், இரண்டு சொற்கள் ஏன் தேவை என்பதற்கு உங்கள் கதையே சான்று. அப்பாவோடு ஒப்பிட்டால் ஒரு நகர்வு. உங்கள் முதல் நியமனத்தோடு ஓய்வுக்காலப் பதவியை ஒப்பிட்டால் வேறொரு நகர்வு. உங்களை 25 வயதில் கணக்கெடுத்திருந்தால், அப்பாவுக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் குறைவாகத் தெரிந்திருக்கும். 50 வயதில் எடுத்திருந்தால் கூடுதலாகத் தெரிந்திருக்கும். ஆகவே முதல் வகையை அளக்கப் போகிறவர் இரண்டாம் வகையைக் கணக்கில் எடுக்காவிட்டால் பிழையான விடைதான் கிடைக்கும்.

வருமானத்தில் இது இன்னும் சிக்கலானது. உங்கள் அப்பாவிடம் வருமானத்தை எப்போது கேட்பது? ஆனியிலா, வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து வள்ளம் கரையேறிக் கிடக்கும் மார்கழியிலா? அமெரிக்காவிலும் இதே சிக்கல் இருந்தது. தந்தையின் ஒரே ஒரு வருட வருமானத்தை வைத்துக் கணக்கிட்ட பழைய ஆய்வுகளில் தந்தை மகன் தொடர்பு 0.2 அளவில்தான் வந்தது. அதை நம்பி, அங்கே பிறப்பு அவ்வளவாகத் தடையில்லை என்று எண்ணினார்கள். 1992இல் பொருளியலாளர் கேரி சோலன் பல வருடங்களின் சராசரியை எடுத்துப் பார்த்தபோது 0.4 அளவுக்கு வந்தது. அதாவது ஒரு தந்தை மற்றவரைவிடப் பத்து வீதம் கூட உழைத்தால், அவருடைய மகனும் சராசரியாக மற்றவரின் மகனைவிட நான்கு வீதம் கூட உழைக்கிறார். ஒரு வருட வருமானத்தில் அந்த வருடத்து நோயும் மழையும் சேர்ந்திருக்கும். அந்தச் சலனம் உண்மையான தொடர்பைக் குறைத்துக் காட்டும்.

உப்புவெளி, மொழிபெயர்ப்பாளர்:

அது சரி. ஆனால் மேலே போகிறவர்கள் கூடினால் சமூகம் திறந்துவிட்டது என்றுதானே பொருள்? அப்படியானால் ஏற்றத்தாழ்வும் குறைய வேண்டும். 'ஏறுமுகம்' என்ற சொல்லை ஏன் எடுக்கக்கூடாது? சந்தையில் மீன் விற்கிறவருக்கும் புரியும். பொதுமக்களுக்குப் புரியாத தூய சொல்லால் என்ன பயன்?

கிண்ணியா, புள்ளிவிவரவியல் விரிவுரையாளர்:

மேலே போகிறவர்கள் கூடலாம். ஆனால் சமூகம் திறந்தது என்பதோ, ஏற்றத்தாழ்வு குறையும் என்பதோ அதிலிருந்து வராது. இரண்டு கற்பனை ஊர்களை எடுப்போம். ஒவ்வோர் ஊரிலும் 100 மகன்மார்.

முதல் ஊரில் 10 பேர் உத்தியோகக் குடும்பம், 90 பேர் கூலிக் குடும்பம். உத்தியோகக் குடும்பத்தவரில் 5 பேர் உத்தியோகத்துக்கும் 5 பேர் கூலி வேலைக்கும் போனார்கள். கூலிக் குடும்பத்தவரில் 9 பேர் உத்தியோகத்துக்குப் போனார்கள், 81 பேர் கூலியிலேயே நின்றார்கள்.

இரண்டாம் ஊரில் 20 பேர் உத்தியோகக் குடும்பம், 80 பேர் கூலிக் குடும்பம். முதல் வகையில் 15 பேர் உத்தியோகம், 5 பேர் கூலி. இரண்டாம் வகையில் 20 பேர் உத்தியோகம், 60 பேர் கூலி.

கூலிக் குடும்பத்திலிருந்து மேலே போனவர்கள் முதல் ஊரில் பத்து வீதம், இரண்டாம் ஊரில் 25 வீதம். ஏறுமுகம்தான். இனி உத்தியோகத்துக்கும் கூலிக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். முதல் ஊரில் உத்தியோகக் குடும்பத்துக்கு 5க்கு 5, கூலிக் குடும்பத்துக்கு 9க்கு 81. முன்னவருக்கு ஒன்பது மடங்கு வாய்ப்பு. இரண்டாம் ஊரில் 15க்கு 5, 20க்கு 60. மறுபடியும் அதே ஒன்பது மடங்கு. அங்கே மேலிடங்கள் பெருகின, அவ்வளவுதான். போட்டியில் யார் முன்னால் நிற்கிறார் என்பது மாறவில்லை. 1972இல் இங்கிலாந்து, வேல்ஸ் ஆண்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் சமூகவியலாளர் ஜோன் கோல்ட்தோர்ப் குழுவினர் கண்டதும் ஏறக்குறைய இதுவே.

ஒருவேளை அந்த ஒன்பது ஒன்றாகி, இரு குடும்பத்தவருக்கும் வாய்ப்பு சமமாகிவிட்டாலும், இரண்டாம் ஊரில் 65 பேர் கூலி வேலையில்தான் இருப்பார்கள். யார் எந்த இடத்துக்குப் போகிறார் என்பது மட்டும் மாறும். இரண்டு இடங்களுக்கும் உள்ள சம்பள வித்தியாசம் அப்படியே இருக்கும். அதனால்தான் திறந்த சமூகமும் சமமற்றதாக நீடிக்கிறது. 'ஏறுமுகம்' என்றால் இறங்கியவரும் மறைந்துவிடுகிறார், இந்த ஒன்பதும் மறைந்துவிடுகிறது.

உவர்மலை, சமூகவியல் ஆசிரியை:

இந்தக் கணக்கைக் குறிப்பில் சேர்க்கிறேன், அனுமதி தாருங்கள். அந்த ஒன்பது ஏன் அசையவில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தது, பள்ளிக் கட்டணம் போனது. ஆனால் உயர்தரத்துக்கு டியூஷன் காசு, எந்தப் பாடத்துறையை எடுப்பது என்று சொல்லித்தர ஒரு மாமா, முதல் முறை தவறினால் இரண்டாம் முறை எழுத ஒரு வருடம் பொறுக்கக்கூடிய வீடு, இவை இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒரு கதவு எல்லோருக்கும் திறந்தவுடன் வசதியுள்ளவர்கள் அடுத்த கதவுக்கு முதலில் போய்விடுகிறார்கள்.

நிலாவெளி, ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர்:

இந்தக் கணக்கில் என் மகள் எங்கே? எல்லாம் மகன்மாராகவே இருக்கிறது.

கிண்ணியா, புள்ளிவிவரவியல் விரிவுரையாளர்:

நியாயமான கேள்வி சேர். அந்த 1972 கணக்கெடுப்பிலும் ஆண்கள் மட்டும்தான். மகளைத் தந்தையோடு ஒப்பிடுவதா, தாயோடு ஒப்பிடுவதா, கணவரின் தொழிலையும் சேர்ப்பதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். சொல்லாக்கத்தில் 'தந்தை', 'மகன்' இரண்டையும் தவிர்ப்போம்.

உவர்மலை, சமூகவியல் ஆசிரியை:

அச்சகத்தில் நாளை காலை கேட்கிறார்கள். இதுவரை வந்த கருத்துகளைப் பார்த்து, பெற்றோரோடு ஒப்பிடுவதற்குத் 'தலைமுறையிடை நகர்வு', முதல் வேலையோடு ஒப்பிடுவதற்கு 'வாழ்நாள் நகர்வு' என்று எடுக்கிறேன். இப்போதைக்கு அவற்றையே அச்சிடுகிறேன்.

மூதூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள் மகள். வாழ்நாள் என்பது பிறப்பு முதல் இறப்பு வரை. நீங்கள் அளப்பதோ முதல் வேலையிலிருந்து. 'தொழில்வாழ்வு நகர்வு' என்றாவது சொல்லியிருக்கலாம். 'தலைமுறை' பற்றிய கடிதத்தை ஞாயிறன்று அனுப்புகிறேன்.

நிலாவெளி, ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர்:

இன்னொன்று. உங்கள் அட்டவணையில் 'மீன்பிடி' என்று ஒரே பெட்டி போட்டுவிடாதீர்கள். எங்கள் கரையில் வலையின் உரிமையாளரான சம்மாட்டியும், அந்த வலையைப் பங்குக்கு இழுத்த என் அப்பாவும் ஒரே தொழில்தான். சம்மாட்டியின் மகன் எழுதுவினைஞரானால் அது ஏற்றமா, இறக்கமா?