டியர் சர்/மேடம் என்று தொடங்கி யுவர்ஸ் சின்சியர்லி என்று முடிக்கலாமா?

கேட்டவர் (திருப்பூர்):
பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சாம்பிள் தாமதமாவதைப் பற்றி இங்கிலாந்து பையருக்கு ஒரு மெயில் எழுதினேன். பார்த்த மேனேஜர், "மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கிறது, சரிபண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு யூனிட்டுக்குப் போய்விட்டார்.

```
Dear Sir/Madam,
...
Thanking you,
Yours sincerely,
```

இதில் எது தவறு? மாற்ற வேண்டியது மேலேயா, கீழேயா? இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

பதில் 1:
ஃபெய்த்ஃபுல்லி என்பது மேலதிகாரிக்கு, சின்சியர்லி என்பது பழகியவர்களுக்கு. பையர் பெரிய இடம். அதனால் கீழே ஃபெய்த்ஃபுல்லி போட்டுவிடுங்கள், முடிந்தது.

பதில் 2 (ஓய்வுபெற்ற ஸ்டெனோ):
தம்பி சொன்ன மாற்றத்தால் அந்த இரண்டு வரியும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் காரணம் அதுவல்ல. பதவியைப் பார்த்து முடிப்பதில்லை, மேலே பெயர் எழுதினோமா என்று பார்த்துத்தான் முடிக்கிறோம். பெயர் இல்லாமல் சர், மேடம் என்று தொடங்கினால் ஃபெய்த்ஃபுல்லி. பெயரைச் சொல்லி அழைத்தால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சின்சியர்லி. எங்கள் அலுவலகத்திலும் இதே கணக்குதான். சாதாரண அரசுக் கடிதம் 'சர்' என்று தொடங்கி ஃபெய்த்ஃபுல்லியில் முடியும். ஓர் அதிகாரி இன்னொரு அதிகாரிக்கு நேரடியாக எழுதும் டி.ஓ. லெட்டர் 'டியர்' போட்டுப் பெயரோடு தொடங்கும், சின்சியர்லியில் முடியும். சர், சின்சியர்லி இரண்டுமே 'ச'வில் தொடங்குகின்றன, அந்த இரண்டு 'ச'வும் ஒரே கடிதத்தில் வரக்கூடாது என்று நினைவு வைத்துக்கொள்வோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன் அம்மா. அந்தப் பையரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

கேட்டவர்:
தெரியும் ஐயா, அவர் அனுப்பிய மெயிலிலேயே இருக்கிறது. ஆனால் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் சர்/மேடம் என்று போட்டேன்.

பதில் 2:
அப்படியானால் மேலே இருப்பதை மாற்றுங்கள். பெயர் தெரிந்தும் சர்/மேடம் என்று எழுதினால், அவர் மெயிலை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று தோன்றும். மிஸ்டர், மிஸ் எதுவும் வேண்டாம், முழுப் பெயரை அப்படியே எழுதுங்கள். கீழே சின்சியர்லி இருக்கட்டும். அதில் `Yours` என்பதற்கு மட்டும்தான் பெரிய எழுத்து, அப்பாஸ்ட்ரஃபி கிடையாது.

பதில் 3:
நான் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது 'ரெஸ்பெக்டட் சர்' என்று தொடங்குகிறேன். அதற்கும் சின்சியர்லிதானா?

பதில் 2:
அதிலும் பெயர் இல்லையே, ஃபெய்த்ஃபுல்லிதான். ஆனால் 'ரெஸ்பெக்டட்' நம் ஊர் வழக்கம். வெளிநாட்டுக்கு எழுதும்போது 'டியர்' போதும்.

பதில் 4 (கோயம்புத்தூர், ஏற்றுமதி ஆவணப் பிரிவு):
ஐயா சொன்னது பிரிட்டிஷ் முறை. அமெரிக்க பையருக்கு இந்தப் பிரிவினை இல்லை, பெரும்பாலும் வெறும் `Sincerely,` போதும். பிரிட்டிஷ்காரர்களே இரண்டாவது மெயிலில் `Kind regards` என்று இறங்கிவிடுவார்கள். அவர் அப்படி முடித்திருந்தால் நீங்களும் அப்படியே முடிக்கலாம்.

கேட்டவர்:
மேலே முழுப் பெயர் போட்டு, கீழே சின்சியர்லியை நானே டைப் செய்தேன். பிரிவியூ பார்த்தால் அதற்குக் கீழே இன்னொரு சின்சியர்லி நிற்கிறது! முதல் மெயிலிலும் அதை நான் டைப் செய்ததாக நினைவில்லை.

பதில் 4:
குழப்பமே அங்கேதான் தொடங்கியிருக்கிறது. உங்கள் ஜிமெயில் கையொப்பத்துக்குள் யாரோ அந்த வரியைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மேலே என்ன எழுதினாலும் அது தானாகக் கீழே வந்துவிடும். `Settings`, `See all settings`, `General` என்று போய் `Signature` பகுதியில் பாருங்கள். 'தேங்கிங் யூ', 'யுவர்ஸ்' இரண்டு வரியையும் எடுத்துவிட்டு, பெயர், பதவி, போன் எண் மட்டும் வையுங்கள். கடைசியில் `Save Changes` அழுத்த மறக்காதீர்கள். இனி முடிக்கும் சொல்லை ஒவ்வொரு மெயிலிலும் கையால் எழுதுங்கள்.

கேட்டவர்:
இருந்தது சார், எனக்கு முன்னால் இருந்தவர் வைத்தது. எடுத்துவிட்டேன். போன வாரம் இதே தவறோடு இரண்டு மெயில் போய்விட்டது. திருத்தி மறுபடி அனுப்பட்டுமா?

பதில் 2:
வேண்டாம் அம்மா. இதற்காக ஒரு மெயில் அனுப்பினால் கவனிக்காதவரும் கவனிப்பார். அடுத்த பதிலில் சரியாக எழுதினால் போதும். லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்திருந்தால் மட்டும் மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
இணைப்பு எதுவும் இல்லை ஐயா. இன்னும் ஒன்று: அவர்கள் கணக்குப் பிரிவுக்கு `Dear Accounts Team` என்று எழுதினால்?

பதில் 2:
ஆள் பெயர் இல்லை, நான் ஃபெய்த்ஃபுல்லி போடுவேன்.

பதில் 4:
நான் போடமாட்டேன் ஐயா. 'டீம்' என்று அழைத்துவிட்டு ஃபெய்த்ஃபுல்லி என்றால் விறைப்பாக இருக்கிறது. என் கை `Kind regards` பக்கம்தான் போகும்.

கேட்டவர்:
பையருக்கான மெயில் போய்விட்டது, மேனேஜரும் சரி என்றார். கணக்குப் பிரிவு மெயில் நாளைக்குத்தான், அதை அவரிடமே கேட்டுவிடுகிறேன்.