கலைச்சொல்: ஓவர் அட்ஜஸ்ட்மென்ட் – மிகைத்திருத்தமா?

பூங்கொடி, திருவொற்றியூர்:
லேத் ஆப்பரேட்டர்களுக்குத் தமிழில் ஒரு தரக் குறிப்பு எழுதுகிறேன். இங்குள்ள பட்டறைகளில் தினமும் நடப்பது இது: புஷ் வெளிவிட்டம் 20 மி.மீ., 0.05 கூடலாம், குறையலாம். ஒரு பீஸ் 0.02 கூடி வந்தால் ஆப்பரேட்டர் உடனே ஆப்செட்டை அதே அளவு இறக்குகிறார். அடுத்தது குறைந்தால் ஏற்றுகிறார். ஒவ்வொரு பீஸுக்கும் இப்படித்தான். இந்த ஓவர் அட்ஜஸ்ட்மென்டை ‘மிகைத்திருத்தம்’ எனலாமா?

ரவி, மணலி:
நல்ல சொல். கன்ட்ரோல் சார்ட்டில் 20.05, 19.95 என்று இரண்டு கோடு போட்டுக் கொடுங்கள். தாண்டினால் மட்டும் கை வைக்கட்டும்.

கோதண்டம், எண்ணூர்:
ரவி தம்பி, சும்மா சும்மா கை வைக்காதே என்பது சரி. கோடுதான் தப்பு. 20.05 வாடிக்கையாளர் டிராயிங்கில் எழுதியது. ஷூஹார்ட் 1924-ல் வரைந்த சார்ட்டில் கோடு மெஷினின் சொந்தச் சிதறலிலிருந்து வரும்.

அம்மா, ‘மிகை’ பொருந்தவில்லை. 0.02-க்கு 0.02 திருத்துகிறார், அளவில் மிகை ஏது? தற்செயலாக வந்த வித்தியாசத்தைத் திருத்துவதுதான் குற்றம். உங்கள் மெஷினின் திட்ட விலக்கம் 0.015 என்று வையுங்கள். சும்மா விட்டால் ஆயிரத்துக்கு ஒன்றுதான் ரிஜெக்ட் ஆகும். ஒவ்வொரு பீஸுக்கும் திருத்தினால், இந்த பீஸின் சிதறலோடு போன பீஸின் சிதறலும் சேர்ந்துகொள்ளும். விலக்கம் 1.41 மடங்காகி 0.021-ஐத் தொடும். நூற்றுக்கு இரண்டு ரிஜெக்ட். ‘வீண்திருத்தம்’ என்று வையுங்கள்.

ஷாகிரா, ராயபுரம்:
நான் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறேன், லேத் தெரியாது. நேற்று ஃபைல் முடிய நேரமானால் மேனேஜர் இன்று ஆளை மேஜை மாற்றுவார். மறுநாள் நேரம் குறைந்தால் “பார்த்தாயா?” என்பார். இதுவும் அதுதானா, இல்லை இதற்கு வேறு பெயரா?

கோதண்டம்:
அதேதான். மேஜை மாற்றாமலே குறைந்திருக்கலாம். அதை அவர் பார்க்க வழியே இல்லை.

பூங்கொடி:
சரி சார், ஆனால் இன்சர்ட் தேயத் தேய விட்டம் மெல்ல ஏறுமே? ‘வீண்’ என்று எழுதினால் அதையும் திருத்தாமல் விட்டுவிடுவார்கள்.

கோதண்டம்:
நியாயம். எட்டுப் புள்ளி தொடர்ந்து நடுக்கோட்டுக்கு மேலேயே விழுந்தால் அது தற்செயல் இல்லை. அங்கே திருத்தியே ஆகவேண்டும், அதற்குப் பெயர் வெறும் ‘திருத்தம்’.

ரவி:
‘வீண்’ என்றால் பலனில்லை என்றுதானே அர்த்தம்? இங்கே ரிஜெக்டே கூடுகிறது. எங்கள் ஷாப்பில் “மெஷினை நோண்டாதே” என்பார்கள். ‘நோண்டல்’ என்றே போடலாமே.

பூங்கொடி:
ஆப்பரேட்டருக்கு உடனே புரியும். ஆனால் ஆடிட்டர் கையில் போகும் கையேட்டில் ‘நோண்டல்’ என்று எப்படி அச்சடிப்பது? இப்போதைக்கு உள்ளே வீண்திருத்தம், மெஷின் பக்கத்தில் ஒட்டும் தாளில் நோண்டல். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.