மடி வீங்கவில்லை, ஆனால் பால் திரிந்தது: மாடு வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெகு பால் வண்டி

பெகு ஊருக்கு வெளியே ஆறு கலப்பினப் பசுக்கள் வைத்துத் தேநீர்க் கடைகளுக்குப் பால் ஊற்றுகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஒரு கடைக்காரர், பால் கொதிக்கும்போதே திரிந்துவிடுகிறது என்று கூப்பிட்டுச் சொன்னார். பாத்திரம் கழுவியதில் குறை இல்லை. அதனால் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியாகக் காய்ச்சிப் பார்த்தேன். செவலைப் பசுவின் பால் மட்டும் திரிந்தது. நான்காம் ஈற்றுப் பசு அது. மடியில் வீக்கமில்லை, சூடில்லை, தொட்டால் உதைக்கவும் இல்லை. காலையில் மூன்று வீசை கறந்த மாடு இரண்டரைக்கு இறங்கியிருந்தது. அதை மழை, ஈரத் தீவனம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஊர்க் கால்நடை மருத்துவர், மடிநோய் இருந்தால் பால் கெட்டியாகும் என்று சொல்லி, சலவைத்தூள் கரைசலில் பார்க்கச் சொன்னார். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, நான்கு காம்பின் பாலையும் நான்கு கிண்ணத்தில் தனித்தனியாகப் பீச்சி, பாலுக்குச் சம அளவு கரைசல் ஊற்றிச் சுழற்றினேன். மூன்று கிண்ணங்களில் தண்ணீர்போலவே ஓடியது. இடது பின்காம்பின் கிண்ணத்தில் ஒரு நிமிடத்துக்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கெட்டியாகி, கிண்ணத்தைச் சாய்த்தால் ஒரே கட்டியாக வழிந்தது. மற்ற ஐந்து மாடுகளையும் பார்த்தேன். இன்னும் இரண்டு மாடுகளில் தலா ஒரு காம்பில் அதே கெட்டி.

மூன்றையும் கறப்பது ஒரே ஆள்தான், கூலிக்கு வருபவர். அதனால் மருந்தைப் பற்றி இங்கே கேட்கவில்லை, அதை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். கறக்கும் முறையில் நோய் எந்த இடத்தில் தாவுகிறது, அதை எப்படி மறிப்பது என்பதைத்தான் அனுபவப்பட்டவர்களிடம் கேட்கிறேன்.

தட்டோன் அக்கா

தம்பி, இது சூட்டினால் வருவது. எள்ளுப் பிண்ணாக்கை அதிகம் வைத்தால் மடி சூடாகும். என் மாட்டுக்கு வந்தபோது சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து, மடியைக் கழுவிவிட்டு ஒரு நாளைக்குப் பல தடவை பூசினேன். வீக்கம் வற்றிவிட்டது. பிண்ணாக்கையும் குறைத்துப் பாருங்கள்.

மோல்மேன் பெரியவர்

அக்கா சொன்ன பூச்சு வீக்கத்துக்கும் வலிக்கும் ஆறுதல் தரும், நானும் பூசச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவர் மாட்டில் வீக்கமே இல்லையே. பிண்ணாக்கு இதற்குக் காரணமும் இல்லை. காம்பின் நுனித் துளை வழியாகக் கிருமி உள்ளே போவதால்தான் மடிநோய் வருகிறது. நான் கால்நடை மருத்துவரிடம் உதவியாளாக வேலை பார்த்தவன், என் கண்ணில் பட்டவரை சொல்கிறேன்.

கிருமி இரண்டு வழியில் வரும். ஒன்று சேற்றிலும் சாணத்திலும் இருப்பது. மழைக்காலத்தில் இது அதிகம். வந்தால் திடீரென்று வரும்: பால் தண்ணீராகும், மாடு காய்ச்சலில் தீனி எடுக்காது, அன்றைக்கே மருத்துவர் வேண்டும். மற்றொன்று நோய் கண்ட மடியிலேயே குடியிருந்து, கறப்பவர் கையிலும் துடைக்கும் துணியிலும் ஏறி அடுத்த மாட்டுக்குப் போவது. ஓசையில்லாமல் மாதக்கணக்கில் இருக்கும், பால் மட்டும் குறையும். ஒரே ஆள் கறக்கும் மூன்று மாடுகளில் வீக்கமில்லாமல் தெரிகிறது என்றால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம்.

எல்லா மாட்டுக்கும் ஒரே துணியா? அந்தத் துணி எந்த வாளியில் நனைகிறது? கறக்கும்போது கையைப் பாலில் நனைத்துக்கொள்கிறாரா? இந்த மூன்றையும் ஒரு காலை நின்று பாருங்கள்.

சிரியம் புதுமாடு

எனக்கும் இதே தொந்தரவு. என் கிடாரி முந்தாநாள் கன்று போட்டது. மடி முழுவதும் வீங்கித் தொப்புள் வரை இறங்கியிருக்கிறது. சலவைத்தூளில் பார்த்தேன், நான்கு கிண்ணமும் கெட்டியாகிவிட்டது. நான்கு காம்புக்கும் ஊசி போட வேண்டுமா?

மோல்மேன் பெரியவர்

பொறுங்கள், சீம்பாலில் இந்தச் சோதனை பொய் சொல்லும். கன்று போட்ட முதல் சில நாட்களிலும், பால் வற்றப்போகும் கடைசி நாட்களிலும் இதை நம்பக்கூடாது. வீங்கிய இடத்தை விரலால் அழுத்துங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால், மாடும் வலி காட்டாவிட்டால், அது தலையீற்றுக் கிடாரிகளுக்கு வரும் நீர்வீக்கமாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கல்லாக, சூடாக இருந்தாலோ பாலில் கட்டி வந்தாலோ மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கறவைத் தம்பி

நானும் பல வீடுகளுக்குப் போய்க் கறப்பவன்தான். கையைப் பாலில் நனைக்காமல் கறந்தால் வறண்ட காம்பு வெடிக்கும், மாடு உதைக்கும். விடிவதற்குள் எல்லா வீட்டையும் முடிக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் கை கழுவித் துடைக்க நேரம் யார் தருவார்கள்? பழியை எங்கள் தலையில் போடுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

மோல்மேன் பெரியவர்

தம்பி, நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியது மாட்டுக்காரர்தான், அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நனைந்த கை வழியாகக் கிருமி காம்பின் துளைக்கே வழிந்து போகிறது. கட்டைவிரலை மடித்து அதன் முட்டியால் காம்பை இழுத்துக் கறந்தால் உள்தோல் நைந்து, கிருமிக்கு இன்னும் வசதியாகிவிடும். முழுக்கையால் காம்பைப் பிடித்து மேலிருந்து கீழாக அழுத்திக் கறந்தால் நனைக்கத் தேவையிருக்காது. காம்பு வெடிக்கிறது என்றால் கறந்த பின் காம்பை முக்கி எடுக்கும் மருந்தில் சிறிது கிளிசரின் கலக்கலாம்.

பெகு பால் வண்டி

நின்று பார்த்தேன். ஐயா சந்தேகப்பட்டது அப்படியே நடந்தது: ஒரே துணி, ஒரே வாளி, செவலைதான் முதல் மாடு. அதிலிருந்துதான் மற்ற இரண்டுக்கும் போயிருக்க வேண்டும்.

கறப்பவரிடம் பேசிக் கூலியைச் சற்று உயர்த்தி முறையை மாற்றினோம். முதலில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் மூன்று நான்கு பீச்சுப் பாலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்க்கிறோம். கறுப்பில் சிறு திரியும் தெரிகிறது. அந்தப் பாலைத் தரையில் விடுவதில்லை. பிறகு காம்பைக் கழுவி, மாட்டுக்கு ஒரு துணியால் ஈரமே இல்லாமல் துடைத்து, சுரப்பு விட்டதும் தாமதிக்காமல் ஒரே மூச்சில் கறந்துவிடுகிறார். கறந்தவுடன், மருந்துக் கடையில் கிடைக்கும் 10 சதவீதப் பொவிடோன் அயோடினைச் சம அளவு தண்ணீரில் கலந்து, சிறு கோப்பையில் ஒவ்வொரு காம்பையும் முழுவதாக முக்குகிறோம். கோப்பையில் சாணம் பட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கிறோம். அதன் பின் அரைமணி நேரமாவது மாடு படுக்காமலிருக்கப் புல் போடுகிறேன், கறந்த காம்பின் துளை உடனே மூடுவதில்லை. நோய் தெரிந்த மாடுகள் வரிசையில் கடைசி.

மருத்துவர் கொடுத்த, காம்புக்குள் ஏற்றும் குழாய் மருந்தை முழு நாட்களுக்கும் போட்டோம், அட்டையில் போட்டிருந்த நாள்வரை பாலைக் கடைக்கு ஊற்றவில்லை. இரண்டு மாடுகளில் கரைசல் இப்போது கெட்டியாவதில்லை. செவலையின் இடது பின்காம்பு மட்டும் இன்னும் கெட்டிதான்.

மோல்மேன் பெரியவர்

பழைய நோயைக் கறவையில் இருக்கும்போது விரட்டுவது கடினம். சினை மாட்டை வற்றவிடும் நாளில், கடைசிக் கறவைக்குப் பின் நான்கு காம்பிலும் நெடுநாள் நிற்கும் மருந்தைப் போட்டுப் பார்க்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள். நான்காம் ஈற்று என்பதால் உறுதி சொல்ல மாட்டேன். அப்போதும் கெட்டியானால் விற்றுவிடுவதே மற்ற ஐந்துக்கும் நல்லது.

தட்டோன் அக்கா

விற்பது எப்படி? அந்த ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டுவிட்டு மூன்றில் கறக்கலாமே.

மோல்மேன் பெரியவர்

அதைத்தான் பலர் செய்கிறார்கள் அக்கா, எனக்கு மனம் ஒப்பவில்லை. கன்று அந்தக் காம்போடு நிற்காது, வாயில் கிருமியோடு அடுத்த காம்புக்கும் போகும்.

கறவைத் தம்பி

கன்றைக் கடைசியில் விட்டால் காம்பில் ஒட்டியிருக்கும் மருந்தை நக்கிவிடும், முக்குவதற்கு முன் விட்டால் மாடு மறுபடி சுரக்கும். கன்று விட்டுக் கறக்கும் வீடுகளில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

சிரியம் புதுமாடு

என் கிடாரிக்கு விரல் அழுத்தியதில் குழி விழுந்தது, வலி காட்டவில்லை. ஊசி போடவில்லை. கன்றை முதலில் ஊட்டவிட்டு, மீதியைக் கறந்து, பிறகு முக்குகிறேன். அதன் பின் கன்றைத் தனியே கட்டிவிடுகிறேன்.