சொல் வேண்டும்: எழுத்து நிறம் மாற வேண்டிய மதிப்பு

அமுதா:
அனைவருக்கும் வணக்கம். விரிதாள் கையேடு ஒன்றில் நிபந்தனை வடிவூட்டம் பற்றிய பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடங்களில் சொல் கிடைக்காமல் நிற்கிறது. எக்செலில் Color Scales என்று இருப்பதற்கு ஒன்று. மற்றது, பின்னணி அடர்த்தியாகிக்கொண்டே போகும்போது கறுப்பு எழுத்தை வெள்ளையாக மாற்றியாக வேண்டிய அந்த மதிப்புக்கு. என் எடுத்துக்காட்டில் வருகை சதவீதங்கள் B2:M31 கட்டங்களில் 0 முதல் 100 வரை வெறும் எண்களாக இருக்கின்றன. 0 வெள்ளை (`#FFFFFF`), 100 அடர்நீலம் (`#08306B`). மேல்முனையில் எண்ணே தெரியவில்லை.

இராகவன்:
முதலாவதற்கு "வண்ண நிபந்தனை" என்று வைக்கலாம், எளிதாகப் புரியும். இரண்டாவதற்கு "நடுப்புள்ளி" போதும். எழுத்து நிறத்துக்குத் தனியாக ஒரு விதி வேண்டும், அது சரி. 0-100 என்றால் 50-க்கு மேல் வெள்ளை எழுத்து என்று எழுதிவிடுங்கள், முடிந்தது.

சேவியர்:
நிறக்குருடு உள்ளவர்களை மறந்துவிட்டீர்களே! சிவப்பு-பச்சை வைத்தாலே அவர்களுக்குச் சிரமம். "நிறப்பாகுபாடு" என்ற சொல்லையும் அதற்கான எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். எக்செலின் சிவப்பு-மஞ்சள்-பச்சையை நான் எங்கும் பயன்படுத்துவதே இல்லை.

செல்வி:
சேவியர் ஐயா, நீங்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அது வேறு சிக்கல். ஒரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டத்தையும் பிரித்தறிய முடிகிறதா என்பது உங்கள் கேள்வி. அமுதா கேட்பது ஒரே கட்டத்துக்குள் எழுத்தும் பின்னணியும் பிரிந்து தெரிகிறதா என்று. நீங்கள் சொல்லும் அந்த மூவண்ணத் தேர்வில் மூன்றுமே வெளிர் நிறங்கள். கறுப்பு எழுத்து அதில் நன்றாகவே தெரியும்.

இராகவன், தனி விதி தேவை என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். Color Scales பின்னணியை மட்டும்தான் தொடும், எழுத்தின் நிறத்தைத் தொடவே தொடாது. ஆனால் உங்கள் இரண்டு சொற்களும் பொருந்தவில்லை. அங்கே "ஆம், இல்லை" என்று ஒரு நிபந்தனையே கிடையாது. ஒவ்வொரு எண்ணுக்கும் இரு முனைகளுக்கு இடையே ஒரு நிறம் கணக்கிடப்படுகிறது, அவ்வளவுதான். அதனால் "நிறச்சரிவு" என்பேன்.

"நடுப்புள்ளி" என்று எழுதினால் படிப்பவர் நிச்சயம் 50-ஐத்தான் போடுவார். அங்கேதான் தொல்லை. வெப்ஏஐஎம் போன்ற தளங்களின் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டைச் சோதிக்கும் பக்கத்தில் 50-க்குரிய நீலத்தைக் கொடுத்துப் பாருங்கள். வெள்ளை எழுத்துக்கு 3:1-க்கும் சற்றுக் குறைவாக வரும், கறுப்புக்கு 7:1. இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1. அதாவது நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த கறுப்பை எடுத்துவிட்டு, தெரியாத வெள்ளையை வைக்கிறோம்.

காரணம் இது: ஒளிர்வை 0 (கறுப்பு) முதல் 1 (வெள்ளை) வரை அளந்தால், கறுப்பெழுத்தும் வெள்ளையெழுத்தும் சமமாகத் தெரியும் பின்னணியின் ஒளிர்வு 0.5 அல்ல, ஏறக்குறைய 0.18. வெள்ளையிலிருந்து நெடுந்தூரம் கீழே இறங்கிய பிறகுதான் அது வரும். அமுதாவின் நீலத்தில் அது சுமார் 66-இல் வருகிறது. அங்கே இரண்டு எழுத்துக்குமே 4.5:1-க்குச் சற்று மேல் கிடைக்கும். அதனால் சரியான இடத்தில் மாற்றினால் எந்தக் கட்டமும் வரம்புக்குக் கீழே போகாது. 100-இல் கறுப்பை விட்டுவைத்தால் 1.65:1 மட்டுமே, வெள்ளைக்கோ கிட்டத்தட்ட 13:1.

மும்தாஜ்:
இதே போன்ற தாள் ஒன்று என்னிடமும் இருக்கிறது, இராகவன் சொன்னபடி `=B2>50` என்றுதான் விதி. எனக்கு வேறொரு தொல்லை. சில கட்டங்கள் வெறுமையாகிவிட்டன! விடுப்பில் இருந்தவர்களுக்கு "விடுப்பு" என்று தட்டச்சு செய்திருந்தேன், அவற்றைக் காணவில்லை. கோப்பு கெட்டுவிட்டதா?

செல்வி:
கெடவில்லைங்க. அந்தக் கட்டம் ஒன்றைச் சொடுக்கிவிட்டு மேலே வாய்பாட்டுப் பட்டையைப் பாருங்கள், "விடுப்பு" அங்கே இருக்கும். எக்செலில் ஓர் எழுத்துத் தொடரை எண்ணோடு ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது. எனவே உங்கள் விதி அதற்கும் "ஆம்" சொல்லி எழுத்தை வெள்ளையாக்கிவிடுகிறது. நிறச்சரிவோ எண்ணல்லாத கட்டத்துக்கு நிறமே தராது. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து! இப்படி மாற்றுங்கள்:

```
=AND(ISNUMBER(B2),B2>66)
```

66 என்பது அமுதாவின் நீலத்துக்கு. உங்கள் முனை நிறம் வேறானால் எண்ணும் மாறும். இந்த விதியில் எழுத்தின் நிறத்தை மட்டும் வெள்ளை என்று வையுங்கள், பின்னணியைத் தொடாதீர்கள். இரண்டு விதிகளும் ஒரே கட்டத்தில் சேர்ந்தே வேலை செய்யும். இது பட்டியலில் மேலே இருந்து Stop If True குறியும் போட்டிருந்தால் மட்டும் நிறச்சரிவு நின்றுவிடும்.

இன்னொன்று, அமுதா. நிறச்சரிவின் முனைகளை Lowest Value, Highest Value என்று விட்டிருந்தால் 66 நிலைக்காது. புதிதாக ஒரு 20 வந்து சேர்ந்தாலே முனை நகர்ந்துவிடலாம், அதோடு எல்லாக் கட்டங்களின் நிறமும் நகரும், ஆனால் உங்கள் விதி அங்கேயே நிற்கும். முனைகளை Number என்று மாற்றி 0, 100 என உறுதியாக்கிவிடுங்கள். இதனால்தான் "புள்ளி" என்ற சொல்லையும் தவிர்க்கப் பார்க்கிறேன். வரைபடத்தில் ஓர் இடம் போலத் தோன்றுகிறது. "மாறுமதிப்பு" எப்படி?

இராகவன்:
"மாறுமதிப்பு" என்றால் மாறிக்கொண்டே இருக்கும் மதிப்பு என்று படிப்பார்கள், மாறியோடு குழப்பிக்கொள்வார்கள். "எழுத்துமாற்ற மதிப்பு" என்று நீட்டியே வைக்கலாம். 50 பற்றி: நீங்கள் சொன்னபடி சோதித்துப் பார்த்தேன், வெள்ளை எழுத்து மங்கலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், இவ்வளவு பாடு எதற்கு? மேல்முனையையே வெளிர் நீலமாக்கிவிட்டால் இரண்டாவது விதியே வேண்டாமே.

செல்வி:
வேண்டாம்தான். `#6BAED6` வைத்தால் 100-இலும் கறுப்பெழுத்துக்கு 8:1-க்கு மேல் கிடைக்கிறது, சொல்லும் தேவைப்படாது. நானே பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன். விலை என்னவென்றால் நிறத்தின் வீச்சு சுருங்கிவிடும், 80-க்கும் 90-க்கும் வேறுபாடு கண்ணில் படாது. எண்களைப் படிக்கவென்று வைத்த தாளுக்கு வெளிர்நிறம் போதும், தூரத்திலிருந்து பார்த்ததும் போக்கு தெரிய வேண்டிய தாளுக்குப் போதாது.

சேவியர்:
எண்ணே தெரிய வேண்டாம் என்றால் எண் வடிவத்தில் `;;;` போட்டு மறைத்துவிடலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், அழகாக இருக்கிறது.

அமுதா:
ஐயா, எண்ணைப் படிக்கத்தான் இவ்வளவும்!

"நிறச்சரிவு" என்பதை எடுத்துக்கொள்கிறேன். "எழுத்துமாற்ற மதிப்பு" நீளம்தான், ஆனால் குழப்பமில்லை. இப்போதைக்கு அதையே எழுதுகிறேன். ஆனால் அடுத்த பகுதியில் வருகையின் ஏற்ற இறக்கம் வருகிறது: -50 அடர்சிவப்பு (`#67001F`), 0 வெள்ளை, +50 அதே அடர்நீலம். இரு பக்கமும் இருட்டு. அங்கே இந்த மதிப்பு ஒன்றா, இரண்டா?

செல்வி:
இரண்டு. அவை சமச்சீராகவும் இருக்காது. சிவப்புப் பக்கம் சுமார் -31, நீலப் பக்கம் +33. விதி ஒன்றே போதும்:

```
=AND(ISNUMBER(B2),OR(B2<-31,B2>33))
```

இராகவன்:
அப்படியானால் "மதிப்பு" என்ற ஒருமையே தப்பு. இரண்டுக்கும் நடுவில் கறுப்பெழுத்து வாழும் பகுதிக்குத்தான் பெயர் வைக்க வேண்டும், "கறுப்பெழுத்து வரம்பு" போல.

மும்தாஜ்:
என் "விடுப்பு" எல்லாம் திரும்ப வந்துவிட்டது, நன்றி. பெயர் எனக்கு எதுவானாலும் சரி. ஆனால் "வரம்பு" என்றால் ஓரமா, நடுப்பகுதியா?