கைவசமுள்ள நிலத்தைப் புதுத் திட்டத்துக்கு எடுக்கும்போது: ‘ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்’டுக்கு எந்தச் சொல்?

செ.ம., கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். சிறுதொழில் முனைவோருக்கான திட்ட அறிக்கைக் கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறோம். ஓரிடத்தில் சொல் முட்டுகிறது.

ஒரு நூற்பாலையை வைத்துக்கொள்வோம். வளாகத்தின் பின்புறம் 2 ஏக்கர் சும்மா கிடக்கிறது. 1994இல் 6 லட்சத்துக்கு வாங்கியது. இன்று சென்ட் 2 லட்சம் போகிறது, அதாவது மொத்தம் 4 கோடி. அங்கே பின்னலாடைப் பிரிவு தொடங்க அறிக்கை போடுகிறார்கள். கட்டடம், இயந்திரம் என்று 5 கோடி எழுதிவிட்டு, நிலம் என்ற வரியில் ‘சொந்தம், செலவில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் வரவேண்டியதற்குப் பள்ளிப் பாடநூல் ‘வாய்ப்புச் செலவு’ என்கிறது. படித்துப் பார்த்த ஆலைக்காரர்கள் அதை ‘வாய்ப்பைப் பெற ஆகும் செலவு’ என்று புரிந்துகொள்கிறார்கள். வேறு சொல் வேண்டும்.

இரா.கோ., மதுரை

ஐயா, நிலத்துக்குக் கொடுத்த 6 லட்சம் 1994இலேயே போய்விட்டது. திட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அது திரும்பாது. அதற்கு ‘மூழ்கிய செலவு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே அந்த வரியில் சுழியம் போடுவது சரிதான். ஏதாவது ஒரு தொகை போட்டே ஆகவேண்டும் என்றால் அரசு வழிகாட்டி மதிப்பைப் போடுங்கள். அதை யாரும் கேள்வி கேட்க முடியாது.

வி.ல., கணக்காயர், ஈரோடு

கோ. ஐயா சொன்னதில் முதல் பாதி சரி. 6 லட்சத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனால் மூழ்கியது அன்று கொடுத்த பணம்தான், நிலம் மூழ்கவில்லை. இன்றைக்கு அதை விற்க முடியும். திட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் விற்க முடியாது. அப்படிக் கைநழுவும் தொகைதான் அந்த வரியில் வரவேண்டும்.

வழிகாட்டி மதிப்பு பத்திரப் பதிவுக்கானது. அதற்குக் கீழே விற்றாலும் வருமான வரிக் கணக்கில் பொதுவாக அந்த மதிப்பையே விற்பனை விலையாகக் கொள்வார்கள். மற்றபடி, வாங்க வருகிறவர் என்ன தருவார் என்பதை அது சொல்லாது.

4 கோடியையும் அப்படியே எழுதக் கூடாது, கைக்கு வருவதையே எழுத வேண்டும். தரகு 1% என்று கொண்டால் 4 லட்சம் போகும். 2001க்கு முன் வாங்கிய நிலம் என்பதால் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். அது 20 லட்சம் என்று கொள்வோம். ஆதாயம் 376 லட்சம். 2024 ஜூலை 23 முதல் நிறுவனத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது, வரி 12.5%, அதாவது 47 லட்சம். மேல்வரிகளை இங்கே விட்டுவிடுகிறேன். மிஞ்சுவது 349 லட்சம். முதல் ஆண்டு தொடங்கும் முன், நிலம் என்ற வரியில் இதுதான் வரவேண்டும்.

இப்போது திட்டத்தைப் பாருங்கள். வரி போக ஆண்டுக்கு 1 கோடி வீதம் 10 ஆண்டு வரும் என்றால், ஆண்டுக்கு 12% தள்ளுபடி வீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 565 லட்சம். போட்டது 500. நிலம் சும்மா என்றால் 65 லட்சம் லாபம் தெரியும். 349ஐ எழுதியவுடன் 284 லட்சம் நட்டம் ஆகிவிடும்.

ஆனால் அங்கேயே நிறுத்துவதும் தவறு. நிலம் தேயாது, பத்தாம் ஆண்டு முடிவிலும் கையில் இருக்கும். விலை ஆண்டுக்கு 5% ஏறினால் அன்று ஏறத்தாழ 652 லட்சம், தரகும் வரியும் போக 567. அதன் இன்றைய மதிப்பு 182 லட்சத்துக்குச் சற்று மேல். ஆக நட்டம் ஏறத்தாழ 102 லட்சம். திட்டம் சமனுக்கு வர நில விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 9.8% ஏற வேண்டும். அப்படி ஏறுமா என்றுதான் விவாதிக்க வேண்டும், நிலம் சொந்தமா என்று அல்ல. இந்த ஒரு வரியை விட்டதால் நல்ல நிலத்தின் மேல் ஆகாத தொழில் எழும்புகிறது. அதனால்தான் இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்று நினைக்கிறேன்.

அ.தே., யாழ்ப்பாணம்

இலங்கையில் பாடசாலை தொடங்கி ‘அமையச் செலவு’ என்றே படிக்கிறோம். அமையம் என்றால் தக்க வேளை. பழகிய சொல்லை விட்டுப் புதிதாக ஒன்று ஆக்கத்தான் வேண்டுமா? இன்னொன்று, நாங்கள் காணி என்போம். விற்பதை மட்டும் பார்க்கிறீர்கள், காணியை வாடகைக்கு விட்டாலும் வருமானம் வருமே. இரண்டையும் கூட்ட வேண்டாமோ?

வி.ல.

கூட்டக் கூடாது அம்மா. விற்றுவிட்ட நிலத்துக்கு வாடகை வாங்க முடியாது. கைவிடுபவற்றுள் மிகச் சிறந்த ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். இதே நிலத்தை லாரி நிறுத்த மாதம் 2 லட்சத்துக்கு விட்டால் ஆண்டுக்கு 24, வரி போக ஏறத்தாழ 18 லட்சம். பத்தாண்டு வாடகையின் இன்றைய மதிப்பு 102 லட்சம். அதோடு கடைசியில் நிலம் மீளும் 182ஐயும் சேர்த்தால் 284. இன்றே விற்றால் 349. விற்பதே பெரிது, ஆகவே 349 மட்டும். அறிக்கைகளில் நான் அதிகம் காணும் பிழை, விற்பனை விலையும் ஒப்புவாடகையும் இரண்டு வரிகளாக நிற்பதுதான்.

பா.சு., ஓசூர்

எங்கள் தொழிலகம் சிப்காட்டில் 99 ஆண்டுக் குத்தகையில் இருக்கிறது. காலி இடம் 40 சென்ட் உண்டு. வெளிச்சந்தையில் இப்படி விற்க முடியாது. எங்களுக்கும் 2 லட்சம் வீதம் போடச் சொல்கிறீர்களா?

வி.ல.

வேண்டாம். உங்களால் உண்மையில் செய்ய முடிந்த மாற்று மட்டுமே கணக்கு. ஒதுக்கீட்டு ஆணையில் மாற்றித் தர அனுமதி உண்டா, அதற்கு என்ன கட்டணம், உள்வாடகை விடலாமா என்று பாருங்கள். எதுவும் முடியாது, உங்களுக்கே வேறு பயன்பாடும் இல்லை என்றால் சுழியம்தான். ஆனால் மூன்று ஆண்டில் கிடங்கை விரிக்க அதே இடம் தேவைப்படும் என்றால், அப்போது வெளியே கிடங்கு பிடிக்க ஆகும் வாடகையை அந்த ஆண்டிலிருந்து எழுத வேண்டும். சொந்த நிலத்திலும் இப்படி உண்டு. கட்டட விதிப்படி காலியாக விட்ட பக்க இடத்தையும், பாதையில்லாத பின்துண்டையும் சாலையோர விலையில் மதிப்பிட்டுவிடுகிறார்கள்.

செ.ம.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘செலவு’ என்பதுதான் கணக்கரைக் குழப்புகிறது, பணம் வெளியே போகவில்லையே என்கிறார்கள். ‘இழவருவாய்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அதில் இழவு காதில் விழுகிறது. மேலும் விற்பனைத் தொகை வருவாயும் அல்ல. ‘விடுமதிப்பு’ என்றால் எப்படி? விட்ட, விடுகிற, விடப்போகும் மதிப்பு. நிலத்துக்கென்று சொல்லும்போது ‘கைநில விடுமதிப்பு’. பத்தாம் ஆண்டு முடிவில் நிலத்துக்கு எழுதும் தொகைக்கு ‘எஞ்சுமதிப்பு’ என்று எழுதினால் தேய்ந்த இயந்திரம் நினைவுக்கு வருகிறது. நிலம் தேயாததால் ‘மீள்மதிப்பு’ என்று வைக்கலாம். தொடக்கத்தில் விடுமதிப்பு, முடிவில் மீள்மதிப்பு.

இரா.கோ.

சுழியம் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். விடுமதிப்பு நன்று. ஆனால் மீள்மதிப்பை, சொத்தை மறுபடி மதிப்பிடும் ‘மீள்மதிப்பீடு’ என்று வாசித்துவிடுவார்கள். இரண்டும் ஒரே அறிக்கையில் வந்தால் தொல்லை.

அ.தே.

கையேட்டில் விடுமதிப்பு என்று எழுதுங்கோ, எங்கட பிள்ளைகளுக்காக அமையச் செலவையும் ஒருமுறை பக்கத்தில் குறியுங்கோ. பரீட்சைத் தாளில் அதுதான் வரும்.

வி.ல.

விடுமதிப்புக்கு என் ஒப்புதல் உண்டு. வரிக்குப் பிந்திய தொகை என்பது மட்டும் அந்தச் சொல்லில் தெரியவில்லை. ‘நிகர விடுமதிப்பு’ என்று எழுதினால் 4 கோடியை அப்படியே போடுகிறவர் ஒரு கணம் நிற்பார். பத்தாம் ஆண்டுத் தொகைக்கு எனக்கும் நல்ல சொல் கிடைக்கவில்லை. ‘முடிவுநில மதிப்பு’ என்று இப்போதைக்கு வைத்து, மூன்று ஆலைக் கணக்கர்களிடம் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லிப் பாருங்கள். எந்த வரியை விட்டுவிடுகிறார்களோ அந்தச் சொல்லை மாற்றுவோம்.