தினமும் விண்ணப்பக் கணக்கு எழுதுகிறேன், பதில் வந்தபாடில்லை (ஸ்காபரோ)

மதுரைக்காரன்: கனடாவில் ஸ்காபரோ வந்து மூன்று மாதம் ஆகிறது. ஊரில் கணக்குப் பிரிவில் ஆறு வருடம், பில் சரிபார்த்துப் பணம் அனுப்பும் வேலை. ஏழு வாரமாக தினமும் இரவு எக்செல்லில் எழுதுகிறேன்: தேதி, நிறுவனம், வேலை, பதில். இதுவரை 63 வேலை விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். பதில் கட்டத்தில் 40 இருக்கிறது, ஆனால் ஒரு நேர்காணல்கூட இல்லை. மறுபடி யாரைக் கேட்பது, எப்போது கேட்பது என்றே புரியவில்லை.

பிராம்ப்டன் அக்கா: நான் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பக்கம் இருக்கிறேன். அந்த 40-இல் மனிதர் எழுதியது எத்தனை? "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று தானாக வரும் மெயிலைப் பதில் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு ஒரு கட்டம், ஆள் எழுதியதற்கு வேறு கட்டம்.

மதுரைக்காரன்: பிரித்துப் பார்த்தேன் அக்கா. 38 தானாக வந்தவை. ஆள் எழுதியது இரண்டே இரண்டு. இரண்டும் வேலைவாய்ப்பு ஏஜென்சி வழியாக அனுப்பியவை, அந்த வழியில் நான் அனுப்பியதே ஐந்துதான்.

பிராம்ப்டன் அக்கா: பாருங்கள், ஐந்தில் இரண்டு, இணையதளத்தில் போட்ட 58-க்கு ஒன்றுமில்லை. சின்னக் கணக்குதான், பெரிதாக முடிவு கட்ட முடியாது. ஆனாலும் அடுத்த வாரம் எதற்கு அதிக நேரம் என்று தெரிகிறது இல்லையா? எந்த வழியாக அனுப்பினீர்கள் என்றும் ஒரு கட்டம் வையுங்கள்.

அப்புறம் தாளை அனுப்பிய தேதிப்படி அடுக்காதீர்கள். "அடுத்து கேட்கும் நாள்" என்று ஒரு கட்டம் போட்டு, அதன்படி அடுக்குங்கள். இரவு திறந்தால் நாளை யாருக்கு எழுத வேண்டும் என்பது மேலேயே நிற்கும். ஏழு வேலை நாள் நான் வைக்கும் கணக்கு. A2-வில் அனுப்பிய தேதி இருந்தால்:

```
=WORKDAY(A2,7)
```

இந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதியாக வையுங்கள்; 2026 பிப்ரவரி 2 திங்கள் அனுப்பியிருந்தால் 11 புதன் காட்டும். சனி, ஞாயிறை அதுவே விட்டுவிடும்; ஃபேமிலி டே மாதிரி விடுமுறையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து மெயில் வந்து, ஆள் பெயரும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதைத் துரத்துவது வீண்.

மார்க்கம் வாசி: இவ்வளவு யோசிக்க வேண்டாம். 2026 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோவில் சட்டமே வந்துவிட்டது, விண்ணப்பித்தவருக்கு 45 நாளில் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பிராம்ப்டன் அக்கா: பாதி சரி அண்ணா. நேர்காணல் வரை போனவர்களுக்குத்தான் அது. அதுவும் பொதுவில் விளம்பரம் செய்த வேலை, 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம். கடைசி நேர்காணலிலிருந்து 45 நாளுக்குள், ஆள் எடுப்பது பற்றி முடிவாகிவிட்டதா என்று சொல்ல வேண்டும். ஏன் எடுக்கவில்லை என்ற காரணம் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 3 நேர்காணல் என்றால் ஏப்ரல் 17. அதற்கும் ஒரு கட்டம் வைக்கலாம், ஆனால் அதுவரை சும்மா இருக்கக் கூடாது. நேர்காணல் முடிந்த மறுநாளே நன்றி மெயில் போக வேண்டும்.

மிசிசாகா குடும்பஸ்தன்: என் மனைவி வேலை போய் இஐ என்ற வேலையிழப்புக் காப்பீட்டுப் பணம் வாங்குகிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்கிறோமே, இந்தத் தாளையும் அதோடு அனுப்ப வேண்டுமா?

பிராம்ப்டன் அக்கா: மதுரைத் தம்பி கேட்டது வேறு. இருந்தாலும் சொல்கிறேன்: அறிக்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் வேலை தேடியதற்கு ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டும், அதனால் அழிக்காமல் வைத்திருங்கள்.

யாழ் அண்ணன்: தம்பி, வொய்ஸ் மெயில் கேட்கிறனீங்களோ? நான் வந்த புதுசில் தெரியாத நம்பர் எடுக்கிறதேயில்லை, எல்லாம் மோசடிக் கோல் என்று. அதில் வேலைக் கோலும் இருந்தது ஒரு மாதம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. தாளில் பதில் பூச்சியம் என்றால் முதலில் போனையும் ஸ்பாமையும் பாருங்கோ.

மதுரைக்காரன்: அண்ணா, இப்போதுதான் கேட்டேன். இரண்டு இருக்கிறது! ஒன்று பிப்ரவரி 19. பெண் குரல், நிறுவனப் பெயர் தெளிவாக இல்லை, "கணக்கு வேலை" என்கிறார். நான் அந்த வாரம் ஒன்பது கணக்கு வேலைக்குப் போட்டிருக்கிறேன். அறிவிப்பு எதையும் சேமித்து வைக்கவில்லை, பாதி தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பிராம்ப்டன் அக்கா: இனி விண்ணப்பிக்கும்போதே அறிவிப்பைப் பிடிஎஃப்பாகச் சேமித்து, எந்த ரெஸ்யூமே அனுப்பினீர்கள் என்றும் எழுதுங்கள். இப்போதைக்கு நம்பரைத் தேடிப் பாருங்கள். பெயர் கிடைத்தால் அந்த வரியைப் படித்துவிட்டு நாளைக் காலை கூப்பிடுங்கள்.

மார்க்கம் வாசி: இவ்வளவு நாள் கழித்துக் கூப்பிடுவதைவிட மெயில்தான் மரியாதை.

யாழ் அண்ணன்: அவை கோல் எடுத்தவை, இவர் மெயில் போடுறதோ? கோல்தான் எடுக்க வேணும்.

மதுரைக்காரன்: நம்பர் கிடைத்தது, எட்டோபிகோவில் ஒரு கிடங்கு நிறுவனம். தாளில் 31-வது வரி. காலை ஒன்பதரைக்குக் கூப்பிடுகிறேன்.